கேட்டுக்கு முன்னால் நிற்கும் வேன்



தோட்டத்திலிருந்து பதுளை நகரத்துப் பக்கம் வாடகைக்கு வீடெடுத்துக் குடிவந்திருக்கும் நம் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கும் உதவி ஒன்று உண்டு. "இந்த மெசேஜக் கொஞ்சம் இங்கிலீசுல போட்டுத் தாங்க." வேலைக்கான விண்ணப்பமோ வங்கிக் கடிதமோ இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டிய நாலு வரி. வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்ல வேண்டும், அல்லது ராத்திரிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். அதுவும் மனஸ்தாபம் வராமல் சொல்ல வேண்டும்.

லயத்தில் இந்தத் தேவையே வந்ததில்லை. 10க்கு 12 அடிக் காம்பிராவில், தடுப்புச் சுவர் கூரையைத் தொடாத பழைய லயங்களில், ஒரு வீட்டுச் சத்தம் பத்து வீட்டுச் சத்தம். கூடிப்போனால் இந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: "அண்ணே, சத்தத்தக் கொஞ்சம் கொறச்சிக்கங்க." விசயம் முடிந்தது. அந்த வரியில் 'அண்ணே' இருந்தது, குரலின் இழைவு இருந்தது, காலையில் பீலியடியில் மறுபடியும் முகம் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு இரண்டு பக்கத்திலும் இருந்தது.

நகரத்து வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் சிங்களவர். நமக்குக் கடைவீதிக்குப் போதுமான சிங்களம் பேச வரும், எழுத வராது. அவருக்குத் தமிழும் அதே அளவுதான். ஆகவே இரண்டு பேரும் இங்கிலீசுக்கு வந்து சேருகிறார்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தது. பதுளையில் ஒரே கேட்டைப் பாவிக்கும் இரண்டு குடும்பங்களின் கைபேசிகளில் அந்த இணைப்பு தினமும் நடக்கிறது. ஆனால் குரலும் முகமும் உறவுமுறையும் இல்லாமல் எழுத்து மட்டும் போய்ச் சேரும்போது, நாம் வைத்த மரியாதை வழியில் விழுந்துவிடுகிறது. அது எப்படி விழுகிறது, எப்படிக் காப்பாற்றுவது என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன்.

ஒரு வாசகியின் கதையைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றியிருக்கிறேன். சரிவில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு வீடுகள். ரோட்டிலிருந்து ஏறிவர ஒரே பாதை, ஒரே கேட். பின்வீட்டில் இவர்கள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு வருவார். அதற்கு விடிகாலை நாலரைக்கே வண்டி எடுக்க வேண்டும். முன்வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அவர் மனைவி, வயதான தாயார். அவருக்கு ஒரு வேன். அதைக் கேட்டுக்கு முன்னாலேயே நிறுத்துகிறார்.

ஏன் அங்கே நிறுத்துகிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர் மலையூர். அந்தப் பாதையில் மட்டமான இடம் கேட்டடி ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் கியரில் போட்டு, சில்லுக்குப் பின்னால் கல்லும் வைத்தால்தான் வண்டி நிற்கும். மழைக் காலத்தில் அந்தக் கல்லையும் நம்ப முடியாது. ஆகவே பெரியவர் வம்புக்கு அங்கே நிறுத்தவில்லை. இது தெரிந்தால் எழுதப்போகும் மெசேஜே மாறிவிடும்.

வாசகி முதலில் தமிழில் எழுதினார்: "வணக்கம் அங்கிள், சுகமா இருக்கீங்களா? ஆன்ட்டிக்கு இப்ப எப்பிடி? ஒரு சின்ன விசயம். நீங்க வேன கேட்டுக்கு முன்னுக்குப் போடுறதால எங்க ஆட்டோவ எடுக்க ஏலாம இருக்கு. விடிஞ்சா செவ்வாய், வெள்ளி கிளினிக் ஆளுங்கள ஏத்தப் போகணும். வேனக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க அங்கிள். தப்பா நெனைக்காதீங்க."

தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. சுகம் விசாரிக்கிறது, தயங்குகிறது, காரணம் சொல்கிறது, கடைசியில் மன்னிப்பும் கேட்கிறது. இதை வரிக்கு வரி அப்படியே ஆங்கிலமாக்கினார். "பிகாஸ் யூ பார்க் த வேன் இன் ஃப்ரண்ட் ஆஃப் த கேட், வீ கேனொட் டேக் அவர் த்ரீவீலர்" என்று நடுவில் ஒரு வரி. "புட் த வேன் லிட்டில் அவே" என்று ஒன்று. "டோன்ட் திங்க் ரோங்" என்று முடிவு. அனுப்பும் முன் ஒரு தோழியிடம் காட்டியது நல்லதாய்ப் போயிற்று.

என்ன நடந்தது? 'போடுங்க' என்பதில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. அந்த 'ங்க' போனால் மிஞ்சுவது 'போடு'. ஆங்கில வினைக்கு அப்படி ஒரு வால் கிடையாது. ஆகவே 'புட்' என்று எழுதியதும் எழுபது வயதுப் பெரியவருக்கு உத்தரவு போட்டதாகிவிட்டது. அடுத்தது 'நீங்க போடுறதால'. தமிழில் 'நீங்க' என்ற சொல்லே மரியாதையைச் சுமப்பதால் அந்த வாக்கியம் அவ்வளவு சுடாது. ஆங்கிலத்தின் 'யூ' எதையும் சுமக்காத சொல். 'பிகாஸ் யூ' என்று தொடங்கினால் குற்றப்பத்திரிகையாகத்தான் கேட்கும். 'தப்பா நெனைக்காதீங்க' இன்னும் மோசம். தமிழில் அது நம்மைத் தாழ்த்திக்கொள்ளும் பேச்சு. 'டோன்ட் திங்க் ரோங்' என்றால், நீ தப்பாக நினைக்கிறாய், நிறுத்து என்று சொன்னதுபோல் ஆகிறது. மூன்று இடத்தில் வைத்த மரியாதை மூன்று இடத்திலும் போய்விட்டது.

ஆங்கிலத்தில் மரியாதைக்கு இடம் கேள்விதான். 'குட் யூ ப்ளீஸ்' என்று தொடங்கும் கேள்வி, மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி விடுகிறது. அந்த வழியை விடுவதுதான் அங்கே பணிவு. அதனால் 'ங்க' என்ற வாலை மொழிபெயர்க்க முயலாமல், வேண்டுகோளைக் கேள்வியாக்கினால் போதும். 'அங்கிள்' இருக்கட்டும். லண்டனில் முன்பின் தெரியாதவரை அப்படி அழைத்தால் விழிப்பார். இலங்கை ஆங்கிலத்தில் அது இயல்பான அழைப்பு, சிங்களவருக்கும் நமக்கும் பொது.

இந்தப் பேச்சை ஆராய்ந்தவர்கள் நம் மொழியையும் தொட்டிருக்கிறார்கள். பெனலோப் பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் மனிதர் பணிவாகப் பேசும் விதங்களைப் பற்றி 1978இல் எழுதிய நீண்ட கட்டுரை 1987இல் தனி நூலாக வந்தது. அவர்கள் ஒப்பிட எடுத்தவை மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிக்கோவின் செல்டால், கோயம்புத்தூர் மாவட்டக் கிராமமொன்றில் பேசிய தமிழ். அடுத்தவர் மனம் நோகாமல் கேட்க மூன்று சமூகமும் ஒரே வகையான உத்திகளையே கையாள்கின்றன என்பது அவர்கள் கண்டது. அந்த உத்தி மொழியில் உட்காரும் இடந்தான் ஊருக்கு ஊர் வேறு.

அவர்கள் காட்டும் உத்திகளில் ஒன்று குறிப்பால் உணர்த்துவது. இது நமக்கு நன்றாகவே வரும், ஆங்கிலத்தில் அடிக்கடி காலை வாருவதும் இதுவே. "பிள்ளைக்கு அடுத்த மாசம் ஓ லெவல் சோதனை" என்று தமிழ் அயலாரிடம் சொன்னால், அன்று ராத்திரியே டீவி சத்தம் குறையும். வேறொரு வாசகர் இதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். உடனே பதில் வந்தது: உங்கள் பிள்ளைக்கு என் வாழ்த்துகள்! வாழ்த்தியவர் உண்மையாகவே வாழ்த்தினார். டீவி பழையபடி அலறியது. குறிப்பு புரிய இரண்டு பேருக்கும் ஒரே வழக்கம் வேண்டும். இரவல் மொழியில் அது கிடைக்காது. ஆகவே கேட்க வேண்டியதை ஒரு வாக்கியத்திலாவது நேராகக் கேட்டுவிட வேண்டும்.

திரும்ப எழுதிய மெசேஜ் இப்படிப் போனது: "குட் ஈவினிங் அங்கிள். ஹோப் யூ அண்ட் ஆன்ட்டி ஆர் வெல். மை ஹஸ்பண்ட் லீவ்ஸ் அட் 4.30 ஒன் டியூஸ்டே அண்ட் ஃப்ரைடே மோர்னிங்ஸ் டு பிரிங் கிளினிக் பேஷன்ட்ஸ். வென் த வேன் இஸ் அட் த கேட், த த்ரீவீலர் கேனொட் கெட் அவுட். குட் யூ ப்ளீஸ் பார்க் பிசைட் த வோட்டர் டேங்க் ஒன் மண்டே அண்ட் தர்ஸ்டே நைட்ஸ்? இஃப் தட் இஸ் டிஃபிகல்ட், ப்ளீஸ் டெல் அஸ், வீ வில் கீப் த த்ரீவீலர் டவுன் ஒன் த ரோட் தோஸ் நைட்ஸ். தேங்க் யூ."

இதில் வேன் தானாகக் கேட்டடியில் நிற்கிறது, யாரும் நிறுத்தவில்லை. இந்தத் தந்திரம் தமிழிலும் உண்டு. 'சத்தம் போடுறீங்க' என்பதைவிட 'சத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கு' என்பது நமக்குத் தெரிந்த பேச்சுத்தான். அடுத்து, 'கொஞ்சம் தள்ளி' என்பதற்குப் பதிலாகத் தண்ணித் தாங்கிப் பக்கம் என்று இடம் சொல்லியாயிற்று. தமிழ்க் 'கொஞ்சம்' அளவைச் சொல்வதில்லை, வேண்டுகோளை மெதுவாக்குகிறது. அதை 'லிட்டில்' என்று போட்டால் அவர் உண்மையிலேயே ஓரடி நகர்த்திவிட்டுப் போவார், ஆட்டோ அப்போதும் வெளியே வராது. தாங்கியடி ஓரளவு மட்டம், அங்கே கல் வைக்கத் தேவையில்லை என்று கணவர் முன்பே போய்ப் பார்த்திருந்தார். 'விடிஞ்சா செவ்வாய்' என்பதும் அப்படியே ஆங்கிலத்துக்கு வராது. நாம் ஆட்டோ எடுப்பது செவ்வாய் காலை, ஆனால் அவர் வேனை நிறுத்துவது திங்கள் இரவு. 'டியூஸ்டே' என்று மட்டும் எழுதியிருந்தால் பெரியவர் செவ்வாய் மாலை வேனை ஒழுங்காகத் தள்ளி நிறுத்தியிருப்பார், அதற்குள் கிளினிக் முடிந்திருக்கும். நாள் விசயத்தில் வரும் இந்தப் பிசகைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஆகவே செய்ய வேண்டியவர் எப்போது செய்ய வேண்டும் என்பதையே எழுதுங்கள்.

பதில் வந்தது: "ஓகே. நோட்டட்." வாசகி அன்றிரவு தூங்கவில்லை. அங்கிள் கோபித்துக்கொண்டாரோ? தமிழில் பெரியவர் ஒருவர் "சரி மகள், பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருப்பார், அந்த 'மகள்' என்ற சொல்லில் மனம் ஆறியிருக்கும். அலுவலக ஆங்கிலத்தில் பழகியவருக்கு இரண்டு சொல் போதும், அதில் கோபம் இல்லை. திங்கட்கிழமை இரவு வேன் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். இடையில் விளக்கம் சொல்லி இன்னும் மூன்று மெசேஜ் அனுப்பினால்தான் உண்மையான சங்கடம் தொடங்கும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியவருக்கும் ஆங்கிலம் படித்து வந்த மொழிதான். அழகுக்காகச் சுற்றிவளைத்த ஆங்கிலம் எழுதாதீர்கள். 'வுட் யூ மைண்ட் மூவிங் த வேன்' என்று கேட்டால் நல்ல மனதோடு 'யெஸ்' என்று பதில் போடுவார். இலக்கணப்படி அதற்கு ஆட்சேபம் உண்டு என்று பொருள். அந்த 'யெஸ்'ஸை வைத்துக்கொண்டு இரண்டு வீடும் குழம்பும். 'குட் யூ ப்ளீஸ்' எல்லோருக்கும் விளங்கும். 'கைண்ட்லி' என்பதையும் தவிர்க்கலாம். இங்கே அது காரியாலய அறிவித்தலில் வருவது, வீட்டு மெசேஜில் வந்தால் முறைப்பாட்டுக் கடிதத்தின் வாடை அடிக்கும். தமிழில் 'தயவுசெய்து' படும் பாடும் அதுவே. எழுத்தில் மிகப் பணிவான சொல், ஆனால் எதிர்வீட்டு அக்காவிடம் 'தயவுசெய்து சத்தத்தைக் குறைக்கவும்' என்று அனுப்பினால் அவர் இரண்டு நாள் பேசமாட்டார்.

'எங்க எடம்' என்ற பேச்சிலும் கவனம் வேண்டும். தோட்டத்தில் லயத்து முன்வாசலை எங்க எடம் என்கிறோம். நாம் புழங்கும் இடம் என்பதே அதன் பொருள். நிலத்துக்கு உறுதி நம்மிடம் இல்லை, அது கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. அதே பழக்கத்தில் பொதுப் பாதையை 'அவர் பார்க்கிங் ப்ளேஸ்' என்று எழுதினால், பக்கத்து வீட்டுக்காரர் அதை உரிமை கோருவதாக எடுத்துக்கொள்வார், பேச்சு வேனை விட்டு எல்லைக் கல்லுக்குப் போய்விடும். 'நாங்க வழமையா நிறுத்துற இடம்' என்ற பொருளில் எழுதுவதே சரி.

இனி மறுபக்கம். சில வாரம் கழித்துப் பெரியவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அதன் சாரம் இது: காலையில் ரேடியோவைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று யோசித்தேன், அம்மாவுக்கு இப்போது சரியான தூக்கமில்லை, முடியாவிட்டால் பரவாயில்லை. ரேடியோ வாசகியின் மாமனாருடையது. தோட்டத்தில் பிரட்டுக்கு முன்பே எழுந்து பழகிய மனிதர், ஓய்வுபெற்ற பிறகும் நாலு மணிக்குப் பக்திப் பாட்டுப் போட்டுவிடுவார். மெசேஜைத் தமிழில் அவருக்குச் சொல்ல வேண்டியவர் மருமகள்.

ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் வொண்டரிங்' என்பது தயக்கத்தின் வடிவம். 'யோசிச்சுக்கிட்டிருந்தேன்' என்று அப்படியே சொன்னால் குத்தலாக விழும். 'முடியாவிட்டால் பரவாயில்லை' என்பதை அப்படியே சொன்னால் மாமனார், "பரவாயில்லன்னு அவரே சொல்லிட்டாரே" என்று ரேடியோவை விட்டுவிடுவார். பெரியவர் உண்மையில் பரவாயில்லை என்று நினைக்கவில்லை. அது நாம் முன்பு பார்த்த அந்த மறுக்கும் வழி, அவ்வளவுதான். காரணத்தின் எடையைப் பார்த்துத்தான் வேண்டுகோளின் எடையை அளக்க வேண்டும். தாயாரின் தூக்கத்தைச் சொல்லிக் கேட்பவர் கனமாகத்தான் கேட்கிறார்.

அதைவிட நுட்பமான இடம் வேறொன்று. "ரேடியோவக் கொறைக்கச் சொல்றாரு மாமா" என்று சொன்னால் கேள்வி கட்டளையாகிவிடும். "கொறைக்க ஏலுமான்னு கேட்டிருக்காரு" என்பதே அவர் எழுதியது. 'சொன்னார்' என்பதற்கும் 'கேட்டார்' என்பதற்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் மானம் நிற்கிறது. அத்தோடு நம் பேச்சின் 'ஆம்' என்ற விகுதி. "அவங்க அம்மாவுக்குத் தூக்கம் இல்லையாம்" என்பது கேட்டதைச் சொல்வதுதான், ஆனால் குரல் சற்றே ஏறினால் அதிலேயே நம்பாமையும் ஏறிவிடும். "அம்மாவுக்கு ராவில சரியாத் தூக்கம் இல்ல, பாவம்" என்று விகுதியை விட்டுவிட்டுச் சொன்னார் வாசகி. மாமனார் ரேடியோவை அடுப்படிக்கு மாற்றிக்கொண்டார். பாட்டு நிற்கவில்லை, சுவர் மாறியது.

சத்தத்தைப் பொறுத்தவரை, அது வரும் முன்னே அனுப்பும் மெசேஜுக்குத்தான் அதிக மதிப்பு. வீட்டில் பிள்ளைக்குச் சடங்கு, சாமி கும்பிடு என்றால் முந்திய வாரமே பக்கத்து வீட்டுக்கு எழுதுங்கள். அதில் 'கொஞ்ச நேரம் பாட்டுப் போடுவோம்' என்று எழுதாதீர்கள். நமக்குக் கொஞ்ச நேரம் சாப்பாடு முடியும் வரைக்கும் நீளும். ஆங்கிலம் படிப்பவர் அரைமணி நேரம் என்று நினைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு நிமிசத்தையும் எண்ணுவார். ஆரம்பிக்கும் நேரம், நிறுத்தும் நேரம், தொல்லையாக இருந்தால் கூப்பிட ஒரு இலக்கம், இவை போதும். ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அதற்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டிருக்கிறது. கோயிலுக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் கல்யாண வீட்டுக்கும் அது ஒன்றே.

ஆனால் இந்த உத்தரவை உங்கள் முதல் மெசேஜில் எழுதிவிடாதீர்கள். சட்டம் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் எதிர்வாதியாகிவிடுவார். இரண்டு மூன்று தடவை எழுதி, நேரில் போய்ப் பேசியும் சரிவராவிட்டால், அதன் பிறகு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்தவை இந்தச் சபைகள். அயலவர் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைப்பதே அவற்றின் வேலை. அங்கே போகும்போது நீங்கள் அனுப்பிய பழைய மெசேஜ்களைக் கையில் வைத்திருங்கள். பேசித் தீர்க்க முயன்றீர்கள் என்பதை அவையே காட்டும். அந்த நாளை நினைத்தாவது, கோபத்தில் எழுதியதை அனுப்பாமல் ஓரிரவு வைத்திருங்கள்.

உங்களுக்கு இப்படிப் போன மெசேஜ்களையும் வந்த மெசேஜ்களையும் எங்களுக்கு அனுப்புங்கள். பெயர், தொலைபேசி இலக்கம், வீட்டு இலக்கம் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். முதலில் தமிழில் என்ன எழுதினீர்கள், பிறகு ஆங்கிலத்தில் என்ன போனது, என்ன பதில் வந்தது என்ற மூன்றும் வேண்டும். தமிழ் வரைவை அழித்துவிடாதீர்கள், அது இருந்தால்தான் மரியாதை எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்க முடியும். சிங்களத்தில் எழுதியவர்களும் அனுப்பலாம்.

அன்புடன்,
ஆசிரியர்